பத்துக்குப் பதினாறு அடியில் ஒரு மளிகைக் கடை: திறக்கும் முன் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி வார்டுத் தெருவை எடுத்துக்கொள்வோம். கடை 10 அடி அகலம், 16 அடி நீளம், முன்னால் ஒற்றை ஷட்டர். சுற்றி நடந்து வரும் தூரத்தில் அறுபது வீடுகள். முதல் சரக்குக்கென்று கையில் இரண்டு லட்ச ரூபாய். இந்தக் கடையைத் திறப்பதற்கு என்னென்ன, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி. பொருள்களின் பட்டியலை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான். ரேக் நிறுத்திய பிறகு கரண்ட் பாயின்ட் தேடுவது, போர்டு அடித்த பிறகு பெயரை மாற்றுவது, சரக்கு வந்து இறங்கிய பிறகு பில்லிங் மெஷினில் பொருள் ஏற்ற ஆரம்பிப்பது போன்றவைதான் திரும்பத் திரும்ப நடக்கும்.

முதலில் நாள். மாதச் சாமான் லிஸ்ட் ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்தாம் தேதிக்குள் எழுதப்படுகிறது. ஆகவே 28, 29 வாக்கில் திறந்தால் அந்த மாத லிஸ்டில் கொஞ்சமாவது உங்களுக்கு வரும். பத்தாம் தேதி திறந்தால் முதல் இருபது நாளும் கொத்தமல்லித் தூள் பாக்கெட்டும் பிஸ்கட்டும்தான் போகும். ஆடியில் யாரும் திறப்பதில்லை என்பதால் ஆவணி முதல் வாரத்தில் போர்டு அடிப்பவரும் ரேக் போடுபவரும் கிடைப்பது கஷ்டம். ஆவணியில் திறப்பு என்றால் ஆடியிலேயே முன்பணம் கொடுத்து வேலையை முடித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்ய ஆடி தடையில்லை. எப்படியும் திறப்பு நாளுக்கு 45 நாள் முன்னால் தொடங்க வேண்டும்.

பெயர், கதவு எண், தாள்கள்

கடைக்குப் பெயர் முடிவானதும் அதை ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை எழுதி வையுங்கள். கீழே முழு முகவரி. இனி எந்த விண்ணப்பமானாலும் இந்தத் தாளைப் பார்த்து எழுத்து மாறாமல் நிரப்புங்கள். 'ஸ்டோர்' ஓரிடத்தில், 'ஸ்டோர்ஸ்' ஓரிடத்தில் என்று போனால், நடப்புக் கணக்கு தொடங்கும்போது வங்கியில் திருப்பி அனுப்புவார்கள்.

பெயரைவிட அதிகம் இடறுவது கதவு எண். மின் இணைப்பில் பழைய எண் இருக்கும், சொத்து வரி ரசீதில் புதிய எண் இருக்கும், வாடகை ஒப்பந்தத்தில் கட்டட உரிமையாளர் வாயால் சொன்ன எண் இருக்கும். மூன்றும் ஒரே கடைதான் என்று தாளில் எங்கும் தெரியாது. ஒப்பந்தம் எழுதும்போதே 'பழைய எண் இது, புதிய எண் இது' என்று இரண்டையும் சேர்த்து எழுதி, மின் இணைப்பு எண்ணையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். அதே நாளில் உரிமையாளரிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், சொத்து வரி ரசீது நகல், மின் கட்டண ரசீது நகல் மூன்றையும் வாங்கிவிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டால் உடனே கிடைக்கும்.

மின் இணைப்பு என்ன வகை என்று பாருங்கள். வீட்டின் முன்பகுதியைக் கடையாக்கிய இடங்களில் வீட்டு இணைப்பே தொடரும். அதில் கடை நடத்தினால் ஆய்வுக்கு வரும்போது அபராதம் விழும். வணிக இணைப்பாக மாற்றித் தருவது யார் செலவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தத் தாள்கள் கையில் வந்ததும் அதே வாரத்தில் உரிமங்களுக்கு விண்ணப்பியுங்கள். இந்தக் கடைக்கு முக்கியமானவை நான்கு.

உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம் முதலில். உணவுப் பொருள் விற்கும் எந்தக் கடைக்கும் இது வேண்டும், பெட்டிக்கடைக்கும் சேர்த்து. foscos.fssai.gov.in தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆண்டு விற்பனை குறைவாக இருந்தால் பதிவு, அதைத் தாண்டினால் உரிமம். எல்லை எவ்வளவு என்பதை விண்ணப்பிக்கும் நாளில் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண் கடையில் கண்ணில் படும்படி மாட்டப்பட வேண்டும், பில்லிலும் அச்சாக வேண்டும். அதனால் பில்லிங் மெஷின் அமைப்பதற்கு முன் இது கையில் இருப்பது நல்லது.

இரண்டாவது, நகராட்சியின் தொழில் உரிமம். மூன்றாவது, தராசு முத்திரை. அதைத் தராசுப் பகுதியில் பார்ப்போம்.

நான்காவது ஜிஎஸ்டி. பொருள் மட்டும், அதுவும் மாநிலத்துக்குள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. நாளுக்குச் சுமார் 11,000 ரூபாய் விற்றால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். உதிரி அரிசி, பருப்புக்கு வரி இல்லாததால் அந்த விற்பனை கணக்கில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். வரி உள்ள பொருள்களையும் சேர்த்து விற்கும் கடைக்கு இந்த 40 லட்சத்தில் அதுவும் சேரும். எல்லையைத் தாண்டினால் சிறு கடைக்கு ஏற்றது தொகுப்பு வரித் திட்டம். வரிக்குட்பட்ட விற்பனையில் 1 சதவீதம் கையிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது. இதில் சேர்ந்தால் வரி பில்லுக்குப் பதில் வரியைத் தனியாகக் காட்டாத வழங்கல் பில்தான் கொடுக்க வேண்டும். மெஷினில் எந்த வகை என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் பில்லில் தானாக வரி அச்சாகிவிடும்.

அளவெடுத்தல், கரண்ட், ரேக்

பத்து அடி அகலம் என்று சொன்ன கடை பூச்சுக்குப் பிறகு 9 அடி 8 அங்குலமாக இருக்கும். பழைய சுவர் நடுவில் வயிறு தள்ளியும் நிற்கும். தரையருகே, இடுப்பளவில், தலைக்கு மேல் என மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சிறிய அளவை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அகலம் 120 அங்குலமே கிடைத்தது என்று வைப்போம். இரண்டு பக்கச் சுவரிலும் 15 அங்குல ஆழ ரேக் போட்டால் நடுவில் 90 அங்குலம் மிஞ்சும். அங்கே இருபக்க ரேக் ஒன்று போடலாம் என்று ரேக் கடையில் சொல்வார்கள். அது 26 அங்குலம் பிடித்தால் பக்கத்துக்கு 32 அங்குலம் வழி. ஒருவர் நடக்கலாம், பையோடு இருவர் ஒதுங்கிப் போக முடியாது. மாலை ஆறரை மணிக் கூட்டத்தில் அந்த வழி அடைத்துக்கொள்ளும். இந்த அளவுக் கடைக்கு நடு ரேக் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அந்த இடத்தில் மூடியுள்ள டப்பாக்களில் உதிரிப் பருப்பு வகைகளை இடுப்புயரத்துக்கு மேல் போகாமல் ஒரே வரிசையாக வைக்கலாம். கல்லாவில் உட்கார்ந்தபடியே கடையின் பின்சுவர்வரை பார்வை போகும்.

நீளச் சுவரில் மூன்றடி ரேக் ஐந்து நிற்கும். மிஞ்சும் ஓரடியை ஷட்டர் பக்கம் விடுங்கள். ஷட்டரை ஒட்டி வைத்த சரக்கில் மழைச் சாரலும் வெயிலும் படும். ஏழடி உயர ரேக்கின் மேல்முனையைச் சுவரில் இரண்டு இடத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். மேல் தட்டில் கனமும் கீழே காலியுமாக இருக்கும் நாளில் சாயும். தரையை ஒட்டிய தட்டு ஆறு அங்குலமாவது மேலே இருந்தால்தான் துடைப்பம் நுழையும், எலி தங்காது. அரிசி மூட்டையும் உப்பு மூட்டையும் மரப் பலகை மேல். உப்பு ரேக்கில் ஏறவே கூடாது, ஈரம் இழுத்துக் கசிந்து இரும்பைத் தின்றுவிடும்.

சோப்பு, ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாம் ஒரு சுவர். டீத்தூள், ரவை, மைதா, பிஸ்கட் எதிர்ச்சுவர். சோப்பு வாசம் ஏறிய ரவையை வீட்டில் உப்புமா கிண்டிய பிறகுதான் கண்டுபிடிப்பார்கள், அடுத்த முறை வர மாட்டார்கள்.

ரேக் வருவதற்கு முன் எலக்ட்ரீசியன் வேலை முடிந்திருக்க வேண்டும். கல்லா மேசைக்கு மட்டும் ஆறு பிளக் வேண்டும்: மெஷின், பிரின்டர், தராசு, பணம் வந்ததும் குரல் சொல்லும் பெட்டி, இன்டர்நெட், செல்போன் சார்ஜர். குளிர்பெட்டிக்குத் தனியாக 16 ஆம்பியர் பாயின்ட். குளிர்பானக் கம்பெனி இலவசமாகக் குளிர்பெட்டி தரலாம். ஆனால் அதில் அவர்கள் பொருள் மட்டுமே வைக்கலாம் என்பது பொதுவான நிபந்தனை. தயிரும் பாலும் வைக்க நினைத்திருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தராசு

மளிகைக் கடைக்காரர்கள் அதிகம் வாங்குவது 30 கிலோ மின்னணுத் தராசு. அதன் தகட்டில் e = 5g, அதாவது எடைப் படி 5 கிராம் என்று இருந்தால், குறைந்தபட்சமாக அதில் நிறுக்கத் தக்க எடை அதைப் போல 20 மடங்கு, அதாவது 100 கிராம். ஐம்பது கிராம் சீரகம் கேட்டால் அந்தத் தராசு சரியான எடை காட்டும் என்று சொல்ல முடியாது. இரட்டை அளவுத் தராசு, அதாவது 15 கிலோவரை 2 கிராம், அதற்கு மேல் 5 கிராம் என்று இருப்பது, 40 கிராம்வரை இறங்கும். மளிகைக்கு அதையே வாங்குங்கள்.

வாங்கிய ரசீதோடு முத்திரைச் சான்றிதழையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவின் வேலை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை. நடுவில் பழுது பார்க்கத் திறந்து சீல் உடைந்தாலும் மறுபடி முத்திரை போட வேண்டும். சான்றிதழைத் தராசுக்கு மேலே சுவரில் மாட்டுங்கள்.

தராசுக்கு நேர் மேலே ஃபேன் வேண்டாம். காற்று தட்டை அழுத்தி எண் ஆடிக்கொண்டே இருக்கும். எண் நிற்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் கை தானாகக் கூடுதலாக அள்ளிப் போடும். இதன் விலையைப் பாருங்கள். முப்பது கிலோ துவரம் பருப்பைக் கால் கிலோ கால் கிலோவாக விற்றால் 120 முறை நிறுப்போம். ஒவ்வொரு முறையும் 5 கிராம் கூடினால் மூட்டைக்கு 600 கிராம், அதாவது இரண்டு சதவீதம். பருப்பில் கிடைக்கும் லாபமே சில சதவீதம்தான்.

இன்னொன்று. வேலை குறைந்த மதியத்தில் பருப்பைக் கால் கிலோ, அரை கிலோ பாக்கெட்டாக முன்கூட்டியே கட்டி வைப்பது வழக்கம். வாடிக்கையாளர் கண் முன்னால் நிறுத்துக் கட்டினால் ஒன்றுமில்லை. முன்கூட்டியே கட்டி அடுக்கினால் அது பொட்டலமிட்ட பொருள். கட்டியவர் பெயர், முகவரி, நிகர எடை, கட்டிய மாதம், எம்ஆர்பி, அலகு விலை எல்லாம் அச்சடித்த லேபிள் வேண்டும், பொட்டலமிடுபவர் என்ற பதிவும் வேண்டும். ஆய்வில் சிறு கடைகள் மாட்டுவது பெரும்பாலும் இதில்தான். தொடக்கத்தில் உதிரியாகவே விற்பது நிம்மதி.

பில்லிங் மெஷின்

இந்தக் கடைக்கு மூன்று வழி உண்டு. கையடக்க மெஷின் மலிவு, ஆனால் பொருள் எண்ணிக்கை கூடினால் தேடுவது சிரமம். ஆண்ட்ராய்டு திரையும் பிரின்டரும் சேர்ந்த மெஷின் நடுத்தரம். கம்ப்யூட்டர், மென்பொருள், மூன்று அங்குலப் பிரின்டர், ஸ்கேனர் என்பது இடமும் பணமும் கேட்கும், ஆனால் ஸ்டாக் கணக்கு சரியாக வரும். ஐந்நூறு பொருளுக்குள் நின்றால் நடுவில் உள்ளதே போதும்.

காசு கொடுப்பதற்கு முன் அந்த மெஷினில் மூன்று சோதனை செய்து பாருங்கள். முதலாவது, 'கொத்தமல்லித் தூள்' என்று தமிழில் ஒரு பொருள் ஏற்றி அச்சடிக்கச் சொல்லுங்கள். பல பிரின்டர்களில் தமிழ் எழுத்து கிடையாது. மென்பொருள்தான் அதைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் கேள்விக்குறிகளும் கட்டங்களும் வரும், அல்லது கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக வரும்.

இரண்டாவது, ஒரே பார்கோடுக்கு இரண்டு விலை. சோப்பு விலை ஏறும்போது பழைய சரக்கும் புதிய சரக்கும் ரேக்கில் ஒன்றாக இருக்கும், பார்கோடு மாறியிருக்காது. ஸ்கேன் செய்ததும் எந்த எம்ஆர்பி என்று மெஷின் கேட்க வேண்டும். கேட்காமல் புதிய விலையையே போட்டால் பழைய பாக்கெட்டை எம்ஆர்பிக்கு மேல் விற்றதாகிவிடும். அது குற்றம். பழைய விலையைப் போட்டால் நட்டம் உங்களுக்கு.

மூன்றாவது, பில் போடும் நடுவில் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்ப ஆன் செய்ததும் அந்தப் பாதி பில் இருக்கிறதா, எண் தாவுகிறதா என்று பார்க்க வேண்டும். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

பொருள் ஏற்றும் வேலைக்கு நான்கு நாள் ஒதுக்குங்கள். பாக்கெட் பொருளை ஸ்கேன் செய்து பெயர், வாங்கிய விலை, எம்ஆர்பி, வரி போடுவது. உதிரிப் பொருளுக்கு இரண்டு இலக்கக் குறியீடு கொடுத்து, அந்தக் குறியீட்டை டப்பா மூடியிலும் ஒட்டுங்கள்: 11 துவரை, 12 உளுந்து, 13 கடலை என. 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதம் மாறியதால் பழைய பட்டியலோடு வரும் மென்பொருளை நம்பாதீர்கள். குளியல் சோப்பும் பற்பசையும் 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன, துணி சோப்புத் தூள் 18-லேயே நிற்கிறது. கொள்முதல் பில்லைப் பார்த்து ஏற்றினால் தவறாது.

பேப்பர் ரோல் பற்றி ஒரு வரி. பில் வெள்ளையாக வந்தால் மெஷின் கெடவில்லை, ரோல் திருப்பி மாட்டியிருக்கிறது. நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் அச்சாகும் பக்கம்.

முதல் சரக்கு

கையில் இரண்டு லட்சம் இருந்தால் முதலில் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் வாங்காதீர்கள். ரேக் காலியாகத் தெரிந்தால் ஆள் வராது என்ற பயத்தில் முழுவதையும் போட்டுவிடுவார்கள். இரண்டாவது வாரம் துவரம் பருப்பு தீர்ந்திருக்கும், யாரும் கேட்காத ஹேர் ஆயில் பதினெட்டு பாட்டில் நிற்கும், மறுபடி வாங்கக் காசிருக்காது. முதல் முறை ஏஜென்சிகள் ரொக்கத்துக்குத்தான் சரக்கு தருவார்கள். கடன் பழகிய பிறகுதான்.

அளவை எப்படிக் கணக்கிடுவது? நான்கு பேர் வீட்டுக்கு மாதம் இரண்டு கிலோ துவரம் பருப்பு என்று வையுங்கள். அறுபது வீட்டுக்கு 120 கிலோ. முதல் மாதம் பாதி வீடு உங்களிடம் வந்தால் 60 கிலோ, வாரம் 15. அப்படியானால் ஒரு 30 கிலோ மூட்டை இரண்டு வாரத்துக்கு வரும். இரண்டாவது மூட்டை வேண்டாம். உளுந்துக்கும் இதே கணக்கு. ரவை, மைதா, பாசிப்பயறு போன்ற வண்டு விழும் சரக்கு ஒரு வாரத்துக்கு மட்டும். அரிசியில் தெருவில் ஓடும் ரகம் இரண்டைக் கேட்டு, ரகத்துக்கு நான்கு சிப்பம் போதும். 26 கிலோ சிப்பம் ஏன் என்று வாடிக்கையாளர் கேட்பார்: 25 கிலோவரை பையில் அடைத்து விற்றால் 5 சதவீத வரி, அதற்கு மேல் இல்லை.

மூட்டை வந்ததும் உங்கள் தராசில் நிறுத்து, அந்த எடையையே மெஷினில் ஏற்றுங்கள். மூட்டையில் எழுதிய எடையை ஏற்றினால் மாதக் கடைசியில் ஸ்டாக் இடிக்கும்.

கம்பெனிப் பொருள்களில் பிராண்ட் ஒன்றுக்கு ஆறு, பத்து என்று தொடங்கலாம். ஷாம்பு பாக்கெட் ரகத்துக்கு ஒரு சரம். லைன் சேல்ஸ்மேன் வரும் கிழமையைக் குறித்துக்கொண்டு, முதல் ஆர்டருக்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தேதி முடிந்த சரக்கைத் திரும்ப எடுப்பீர்களா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? பதிலைப் பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள்.

ரேக் நிறைந்து தெரிய, தட்டின் பின்பாதியில் காலி அட்டைப்பெட்டியை வைத்து முன்னால் ஒரே வரிசை அடுக்குங்கள். பிளாஸ்டிக் கைப்பை வாங்கிக் குவிக்க வேண்டாம், 2019 முதல் தமிழ்நாட்டில் தடை. காகிதப் பொட்டலத்துக்கும் துணிப்பைக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.

போர்டு

போர்டில் தமிழ் மேலே, பெரிதாக. விதி அப்படி, தமிழ், ஆங்கிலம், பிறமொழிக்கு 5:3:2 என்ற இட அளவைப் பின்பற்றினால் பிரச்சினை வராது. எழுத்துயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குலம். தெருமுனை 80 அடி தள்ளி இருந்தால் எட்டு அங்குல எழுத்து. தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் போவதால் இரண்டு அங்குலம் கூடவே வையுங்கள். வரைந்தவர் கம்ப்யூட்டரில் காட்டும்போது எல்லாம் அழகாகத் தெரியும்; அதைச் செல்போனில் வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், படிக்க முடியாதது தெருவிலும் படிக்காது.

'மளிகை' என்ற சொல் கடைப் பெயர் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். சாமி படமும் போன் எண்ணும் ஓரத்தில். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண் வாசல் பலகையில் இருக்க வேண்டும். தொகுப்பு வரித் திட்டம் என்றால் அதையும் குறிப்பிட வேண்டும். இந்த எண்கள் வராமல் போர்டுக்கு ஆர்டர் கொடுத்தால் பிறகு ஸ்டிக்கர் ஒட்ட நேரிடும். கம்பெனி இலவசமாகத் தரும் விளக்குப் போர்டில் அவர்கள் பெயர் பெரிதாக, உங்கள் பெயர் கடுகளவாக இருக்கும். மாட்டுவதானால் பக்கவாட்டில் மாட்டுங்கள். எதுவானாலும் சாக்கடையைத் தாண்டி வீதிக்குள் நீட்டக் கூடாது.

திறப்புக்கு முந்தைய மாலை

வீட்டு ஆள்களை வரிசையில் நிற்க வைத்து இருபது பில் போடுங்கள். அரை கிலோ உளுந்தோடு ஒரு சோப்பு, ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பது, பாதி ரொக்கம் பாதி ஜிபே, ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை, பார்கோடு படிக்காத ஒரு பாக்கெட் எல்லாம் அதில் வரட்டும். கல்லாவில் பத்து, இருபது ரூபாய் நோட்டாக இரண்டாயிரம், நாணயமாக ஐந்நூறு இருக்க வேண்டும். ஜிபே போட கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது செல்போன் திரையில் வரும் பெயரும் போர்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். உங்கள் சொந்தப் பெயர் வந்தால் வாடிக்கையாளர் பணம் போடாமல் தயங்கி நிற்பார்.

சோதனை பில்களையெல்லாம் ரத்து செய்து, பில் எண் 1-லிருந்து தொடங்கும்படி அமைத்துவிட்டு, தொடக்க ரொக்கம் 2,500 என்று மெஷினில் ஏற்றிய பிறகு ஷட்டரை இறக்குங்கள்.